லூபஸ் நெஃப்ரைட்டிஸ்: பயாப்ஸி அறிக்கையில் எதைத் தேடுகிறோம்

சிறுநீரகத்திலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும், அதாவது பயாப்ஸி செய்ய வேண்டும் என்று சொன்னவுடன், தர்மபுரிப் பக்கத்தில் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் முதலில் நினைப்பது புற்றுநோயைத்தான். அந்த அச்சத்தைப் போக்கிய பிறகு வரும் இரண்டாவது கேள்வி இன்னும் நியாயமானது. பென்னாகரத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து மகளை அழைத்து வந்த ஒரு தந்தை அதை இப்படிக் கேட்டார்: "ரத்தத்துலயே லூபஸ்னு தெரிஞ்சு போச்சுன்னு சொல்றீங்க, யூரின்ல புரதம் போகுதுன்னும் சொல்றீங்க. அப்புறம் எதுக்குங்க டாக்டர் கிட்னியில ஊசி?" லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்; அது சிறுநீரகத்தைத் தாக்கும்போது லூபஸ் நெஃப்ரைட்டிஸ் என்கிறோம். இங்கே பொது மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அதற்கு வெளிநோயாளிப் பிரிவின் நெரிசலில் சொல்ல முடிந்ததைவிட முழுமையான விடையை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் அடையாளம் தெரியாத வகையில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் நோயின் போக்குக்கு ஏற்றவையே.

அவருக்கு வயது 26, எடை 48 கிலோ. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன, குழந்தை இல்லை. பல மாதங்களாக விரல் மூட்டுகளிலும் முழங்காலிலும் வலி இருந்திருக்கிறது. இந்த மாவட்டத்தில் மூட்டுவலி என்றால் தண்ணீரைக் காரணம் சொல்வது வழக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதை முன்னிட்டு வந்தது என்பதும் ஊரறிந்த செய்திகள் என்பதால், அப்படிச் சொல்பவர்களைக் குறைகூற முடியாது. ஆனால் காலையில் கைவிரல்கள் வீங்கி மடங்காமல் போவதும், வெயில் பட்டால் கன்னம் சிவப்பதும், தலைமுடி கொத்தாக உதிர்வதும் ஃப்ளோரைடின் வேலையல்ல. மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரைகளோடு காலம் கழிந்து, முகமும் காலும் வீங்கத் தொடங்கிய பிறகுதான் சிறுநீரைப் பரிசோதித்திருக்கிறார்கள்.

என்னிடம் வந்தபோது ரத்த அழுத்தம் 156/98. சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் 3.1, இது 0.2-க்குள் இருக்க வேண்டும். சிறுநீரில் சிவப்பணுக்களும், அவை ஒட்டிச் சேர்ந்த உருளை வடிவப் படிவுகளும் இருந்தன. சிறுநீரகம் தளரும்போது ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் 1.3. லூபஸைக் காட்டும் ஏஎன்ஏ பரிசோதனையும் டிஎஸ்டிஎன்ஏ எதிர்ப்பான் பரிசோதனையும் தெளிவாக நேர்மறை. சி3, சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதங்கள் இரண்டும் குறைவு. ஆகவே இது லூபஸ் என்பதிலும், அது சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்பதிலும் ஐயமில்லை. அந்தத் தந்தை கேட்டது இந்த இடத்தில் நின்றுதான்.

லூபஸில் உடல் தன் அணுக்கருப் பொருட்களுக்கு எதிராகவே எதிர்ப்புப் புரதங்களை உருவாக்குகிறது. அவை இணைந்து உண்டாகும் கூட்டுப் பொருட்கள் சிறுநீரகத்தின் குளோமருலஸ்களில் படிகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் குளோமருலஸ்கள் உண்டு. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவில் சுருண்ட நுண்நாளங்களின் ஒரு பந்து, ரத்தத்திலிருந்து சிறுநீர் வடியும் இடம். படிவு அந்தப் பந்தில் எந்த இடத்தில் சேர்கிறது என்பதுதான் நோயின் குணத்தைத் தீர்மானிக்கிறது. நுண்நாளங்களைத் தாங்கி நிற்கும் நடுப்பகுதியில் மட்டும் சேர்ந்தால் பாதிப்பு பெரும்பாலும் மிதமானது. நாளச் சுவரின் உட்புறத்தில், ஓடும் ரத்தத்தைத் தொட்டுக்கொண்டு சேர்ந்தால், வெள்ளணுக்கள் அங்கே திரண்டு வந்து நாளத்தை அடைத்து, சுவரைக் கிழித்து, குளோமருலஸையே தழும்பாக்கிவிடும். சுவரின் வெளிப்புறத்தில் சேர்ந்தால், ரத்தம் அதைத் தொடுவதில்லை என்பதால் வெள்ளணுக்கள் திரள்வதில்லை. ஆனால் சுவர் தளர்ந்து புரதம் ஏராளமாகக் கசியும். மூன்று நிலைகளிலும் சிறுநீரில் புரதம் போகலாம், மூன்றிலும் டிஎஸ்டிஎன்ஏ நேர்மறையாக இருக்கலாம். சிறுநீரையும் ரத்தத்தையும் வைத்து நாம் ஊகிக்க முடியும். அந்த ஊகம் பல முறை தவறுகிறது என்பதுதான் சிக்கல்.

பயாப்ஸி வகுப்புகள் இந்த இட வேறுபாட்டைத்தான் எண்களாக்கித் தருகின்றன. இன்று நாம் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு 2018-இல் திருத்தம் பரிந்துரைக்கப்பட்ட பகுப்பு. முதல் இரண்டு வகுப்புகளில் படிவு நடுப்பகுதியோடு நின்றுவிடுகிறது. மூன்றிலும் நான்கிலும் அது உட்புறத்துக்கு வந்து அழற்சியைக் கிளப்புகிறது. பாதிக்கப்பட்ட குளோமருலஸ்கள் பாதிக்கும் குறைவாக இருந்தால் மூன்று, பாதியோ அதற்கு மேலோ இருந்தால் நான்கு. ஐந்தாம் வகுப்பில் படிவு வெளிப்புறத்தில் இருக்கிறது. இது தனியாகவும் வரும், மூன்றோடோ நான்கோடோ சேர்ந்தும் வரும். ஆறாம் வகுப்பு என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு குளோமருலஸ்களுக்கு மேல் தழும்பாகிவிட்டன என்று பொருள். இந்த எண்களை வியாதியின் படிநிலைகளாக, ஒன்றிலிருந்து ஆறுவரை ஏறிச் செல்லும் நோயாகப் பலர் புரிந்துகொள்கிறார்கள். அது சரியல்ல. ஐந்தாம் வகுப்பு நான்காம் வகுப்பைவிட முற்றிய நோய் அல்ல; அது வேறு வகையான நோய்.

பொதுவாக, விகிதம் 0.5-ஐத் தாண்டினாலோ, வேறு காரணமின்றிக் கிரியேட்டினின் ஏறினாலோ லூபஸ் நோயாளிக்குப் பயாப்ஸி தேவைப்படுகிறது. இந்தப் பெண்ணுக்கு அந்த எல்லை எப்போதோ கடந்துவிட்டது. ஆனாலும் அன்றே செய்துவிட முடியவில்லை, ஏனெனில் ரத்த அழுத்தம் உயர்ந்திருக்கும்போது ஊசி குத்தினால் கசிவு நிற்பது கடினம். மூன்று நாட்கள் மருந்து கொடுத்து 140/90-க்குக் கீழே கொண்டுவந்தோம். வலி மாத்திரைகளை நிறுத்தினோம். தட்டணுக்களின் எண்ணிக்கையையும் ரத்தம் உறையும் நேரத்தையும் பார்த்தோம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் இயல்பான அளவில் இருப்பதை உறுதி செய்தோம். சுருங்கிப்போன சிறுநீரகத்தில் ஊசி குத்துவதால் ஆபத்து கூடும், கிடைக்கும் செய்தியோ குறைவு. லூபஸில் மட்டும் கவனிக்க வேண்டிய ஒரு பொறி இருக்கிறது: சிலருக்கு உறைதல் நேரம் பரிசோதனைக் குழாயில் நீண்டு தெரியும், ஆனால் அது ரத்தப்போக்கின் அடையாளமல்ல; உடலுக்குள் ரத்தக் கட்டிகள் உறையச் செய்யும் எதிர்ப்புப் புரதத்தின் அடையாளம். அதை இனம் காணாமல் விட்டால் தவறான திசையில் மருந்து கொடுத்துவிடுவோம்.

பயாப்ஸி சேலத்தில் நடந்தது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் தலையணை வைத்து, ஸ்கேன் கருவியில் பார்த்துக்கொண்டே இடது சிறுநீரகத்தின் கீழ்முனைக்கு நேராக முதுகில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். பிறகு வில்பொறி கொண்ட மெல்லிய பயாப்ஸி ஊசியை அந்த முனைவரை கொண்டுசென்று, மூச்சை அடக்கச் சொல்லி விசையை அழுத்துவார்கள். 'டக்' என்ற ஒலி, அவ்வளவுதான். அந்த ஒலியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனென்றால் நோயாளி திடுக்கிட்டு மூச்சு விட்டால் சிறுநீரகம் ஊசியோடு நகர்ந்துவிடும். பென்சில் முனையைவிட மெல்லிய, ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள இழை போன்ற சதை கிடைக்கும். வழக்கமாக இரண்டு இழைகள் எடுப்பார்கள்.

அடுத்த நிமிடத்தில் நடப்பது ஊசி குத்துவதைப் போலவே முக்கியம் என்பது வெளியில் அதிகம் தெரியாது. ஒரு பகுதி ஃபார்மலினில் போகும். சாதாரண நுண்ணோக்கிக்கு அது போதும். இன்னொரு பகுதி ஃபார்மலின் படாமல் தனிக் கரைசலில் போக வேண்டும், ஏனெனில் எந்தெந்தப் புரதங்கள் படிந்திருக்கின்றன என்று ஒளிரும் சாயத்தால் காட்டும் இம்யூனோஃப்ளூரசன்ஸ் பரிசோதனையை ஃபார்மலின் கெடுத்துவிடும். முழுச் சதையும் ஒரே ஃபார்மலின் குப்பியில் போடப்பட்டு வந்து, பாதி விடையோடு திரும்பிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். பயாப்ஸிக்குப் போகும் குடும்பத்தினர் "ரெண்டு குப்பியில தனித்தனியா எடுத்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறேதும் இல்லை.

அதன் பிறகு ஆறு மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும். ஒவ்வொரு முறை கழிக்கும் சிறுநீரையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து நிறத்தை ஒப்பிடுவார்கள். கண்ணுக்குத் தெரியும் அளவில் சிறுநீரில் ரத்தம் வருவது நூறில் மூன்று நான்கு பேருக்கு நேர்கிறது. பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை நூறில் ஒருவர் அளவில். விலாவுக்குக் கீழே வலி கூடிக்கொண்டே போவது, நாடித் துடிப்பு ஏறுவது, சிறுநீர் ரத்தக் கட்டியோடு சிவப்பது ஆகியவைதான் உடனே சொல்ல வேண்டிய அறிகுறிகள். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எழுதித் தர வேண்டிய அறிவுரை இதுதான், வாயால் சொன்னால் மாமியாரிடம் போய்ச் சேர்வதில்லை.

அவருடைய அறிக்கையில் 18 குளோமருலஸ்கள் இருந்தன. இந்த எண்ணிக்கையைத்தான் நான் முதலில் படிப்பேன். பத்துக்குக் குறைவாக இருந்தால் மற்ற எல்லா வரிகளையும் ஐயத்தோடு படிக்க வேண்டும். 18-இல் 11-இல் நுண்நாளங்கள் அணுக்களால் அடைபட்டிருந்தன. மூன்றில் பிறை வடிவ அணுத்திரள். இரண்டு முழுத் தழும்பு. பாதிக்கு மேல் பாதிப்பு என்பதால் நான்காம் வகுப்பு. இம்யூனோஃப்ளூரசன்ஸில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், சி3, சி1க்யூ ஐந்தும் ஒளிர்ந்தன. இப்படி ஐந்தும் ஒருசேர ஒளிர்வது லூபஸுக்கே உரிய சாயல். ஊசியில் ஆறே குளோமருலஸ்கள் வந்திருந்து, அவற்றில் இரண்டு மட்டுமே பாதிக்கப்பட்டவையாக அமைந்திருந்தால், அதே சிறுநீரகம் மூன்றாம் வகுப்பு என்று எழுதப்பட்டிருக்கும். நல்லவேளையாக மூன்றுக்கும் நான்குக்கும் சிகிச்சை ஒன்றுதான். ஆகவே அந்த எல்லைக்கோட்டில் நேரும் பிழை நோயாளியைப் பாதிப்பதில்லை.

ஆனால் வகுப்பு எண்ணோடு நிறுத்திக்கொள்வது போதாது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அறிக்கையின் அடியில் இரண்டு மதிப்பெண்கள் இருக்கும். ஒன்று தீவிர மதிப்பெண், 24-க்கு. இன்று எரிந்துகொண்டிருக்கும், மருந்தால் அணைக்கக்கூடிய அழற்சியின் அளவு. மற்றொன்று நாட்பட்ட மதிப்பெண், 12-க்கு; மருந்தால் திரும்பி வராத தழும்பின் அளவு. இந்தப் பெண்ணுக்குத் தீவிரம் 9, நாட்பட்டது 3. அதாவது இழந்தது சிறிது, காப்பாற்ற வேண்டியது மிகுதி. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த மற்றொரு நோயாளிக்கும் நான்காம் வகுப்புதான், கிரியேட்டினின் 2.4. அவர் ஆண்டுக்கணக்கில் மருந்தை விட்டும் தொட்டும் வந்தவர். குடும்பத்தினர் வீரியமான ஊசி போடும்படி மன்றாடினார்கள். தீவிரம் 1, நாட்பட்டது 9 என்று அறிக்கை சொன்னது. அவருக்கு நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தை ஏற்றியிருந்தால் தழும்பு கரைந்திருக்காது, காசநோய் போன்ற தொற்றுதான் வந்திருக்கும். ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும், புரதக் கசிவைக் குறைக்கும் மாத்திரையும், வருங்காலத்தில் டயாலிசிஸுக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ தயாராவதும்தான் அவருக்குச் சரியான வழி. இருவருக்கும் ஒரே வகுப்பு, சிகிச்சையோ எதிரெதிர்.

பென்னாகரத்துப் பெண்ணுக்கு மூன்று நாட்கள் மெத்தில்பிரெட்னிசோலோன் 500 மில்லிகிராம் நரம்பு வழியே கொடுக்கப்பட்டது. பிறகு நாளுக்கு 25 மில்லிகிராம் பிரெட்னிசோலோன்; சில மாதங்களில் 5 மில்லிகிராமுக்குக் குறைப்பது திட்டம். ஸ்டீராய்டை உச்ச அளவில் மாதக்கணக்கில் கொடுத்த காலம் போய்விட்டது. அதோடு சேர்க்க வேண்டிய, எதிர்ப்பை அடக்கும் மருந்துக்கு இரண்டு தெரிவுகள் இருந்தன: மைக்கோஃபினோலேட் மாத்திரை, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஆறு சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஊசிகள். சினைப்பைக்குக் கேடு செய்வது பெரும்பாலும் பழைய, கூடுதல் அளவு சைக்ளோஃபாஸ்ஃபமைடுதான். இந்தக் குறைந்த அளவில் அந்த ஆபத்து மிகக் குறைவு. அதையும் விளக்கிய பிறகு, குழந்தையை எதிர்நோக்கியிருந்த அவர் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார். நாளுக்கு 2 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. ஆனால் மைக்கோஃபினோலேட் கருவில் உள்ள குழந்தைக்கு ஊனம் விளைவிக்கும் என்பதால், அதை உண்ணும் காலம் முழுவதும் கருத்தடை கட்டாயம். இதைக் கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். சொல்லாவிட்டால் மாத்திரை நின்றுபோகும் என்பது இங்கே அனுபவத்தில் கண்டது.

எந்த வகுப்பாக இருந்தாலும் மாறாத ஒரு மருந்து ஹைட்ராக்ஸிகுளோரோகுவின், கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாமல். இவருக்கு நாளுக்கு 200 மில்லிகிராம். கண்ணில் விழித்திரையைப் பரிசோதித்துக்கொண்டே இதை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். முதல் இரண்டு வகுப்புகளில் பெரும்பாலும் சிறுநீரகத்துக்காக வேறு எதுவும் தேவைப்படுவதில்லை.

ஐந்தாம் வகுப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கேதான் தோற்றம் அதிகம் ஏமாற்றுகிறது. பர்கூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் உடல் முழுவதும் நீர் கோத்து, நடக்க முடியாமல் வந்தார். விகிதம் 5-ஐத் தாண்டியிருந்தது. பென்னாகரத்துப் பெண்ணைவிட நோய் கடுமை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் கிரியேட்டினின் 0.7, சி3 இயல்பு. பயாப்ஸியில் தனித்த ஐந்தாம் வகுப்பு, அழற்சி இல்லை. அவருடைய சிறுநீரகம் சில வாரங்களில் செயலிழந்துபோகும் ஆபத்து குறைவு. உடனடி ஆபத்து வேறிடத்தில் இருந்தது. இவ்வளவு புரதம் இழப்பவர்களின் ரத்தம் உறையும் தன்மை கூடி, கால் நாளத்திலோ சிறுநீரக நாளத்திலோ ரத்தக் கட்டி அடைக்கலாம். ஆகவே கட்டி உறையாமலிருக்க மருந்து, புரதக் கசிவைக் குறைக்கும் மாத்திரை, குறைந்த அளவு ஸ்டீராய்டு, மைக்கோஃபினோலேட் என்று அவருக்கான சிகிச்சை அமைந்தது. இதே ஐந்தாம் வகுப்பில் புரதக் கசிவு குறைவாக இருந்தால், எதிர்ப்பை அடக்கும் மருந்தே இல்லாமல் கவனித்து வருவதும் உண்டு.

எல்லோருக்கும் பயாப்ஸி உடனே கிடைத்துவிடுவதில்லை. கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறும்போது ஊசிக்கான தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டைத் தொடங்கிவிட்டுச் சில நாட்களுக்குள் பயாப்ஸி எடுத்தாலும் சதையில் விடை பெரும்பாலும் அழிவதில்லை. ஒற்றைச் சிறுநீரகம், கட்டுக்கடங்காத அழுத்தம், நிற்காத ரத்தப்போக்கு போன்ற நிலைகளில் பயாப்ஸியே இயலாமல் போனால், சிவப்பணு உருளைகளும் குறைந்த சி3-உம் உள்ள நோயாளியை மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பாகக் கருதிச் சிகிச்சை தருவோம். அது ஊகத்தின் மேல் கொடுக்கும் சிகிச்சை என்பதை நோயாளியிடம் மறைக்கக் கூடாது.

மருந்து வேலை செய்கிறதா என்பதற்கும் கால அளவுகள் உண்டு. மூன்று மாதத்தில் புரதக் கசிவு கால்பங்காவது குறைய வேண்டும், ஆறு மாதத்தில் பாதி, ஓராண்டில் விகிதம் 0.7-க்குக் கீழே. 3.1-இல் தொடங்கிய பென்னாகரத்துப் பெண்ணுக்கு மூன்றாம் மாதம் 1.9, ஆறாம் மாதம் 1.2, ஓராண்டு முடிவில் 0.5, கிரியேட்டினின் 0.9-க்கு வந்து நின்றது. ஆறு மாதத்தில் இறங்காமல் இருந்திருந்தால் முதலில் மாத்திரைகளை ஒழுங்காக உண்கிறாரா என்று விசாரித்திருப்போம்; உண்டும் இறங்கவில்லை என்றால் மறுபடி பயாப்ஸிதான். கசிவு நீடிப்பது அழற்சி அணையாததாலா, பழைய தழும்பாலா என்பதைச் சிறுநீர் சொல்லாது. முதலாவதற்கு மருந்தைக் கூட்ட வேண்டும், இரண்டாவதற்குக் குறைக்க வேண்டும். நோய் மறுபடி தலைதூக்கும்போது வகுப்பு மாறியிருப்பதும் உண்டு. ஐந்தாம் வகுப்பாக இருந்தவருக்கு நான்கும் சேர்ந்துகொண்டிருக்கலாம்.

சிகிச்சை மொத்தம் குறைந்தது மூன்று ஆண்டுகள். வீக்கம் வடிந்ததும் மருந்தை நிறுத்திவிட்டுத் திரும்பி வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இவர் நிறுத்தவில்லை. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, நோய் அடங்கியிருந்த நிலையில், குழந்தை பற்றி அவரே பேச்செடுத்தார். மைக்கோஃபினோலேட்டை நிறுத்தி, கருவுக்குக் கேடில்லாத அசதயோப்ரினுக்கு மாற்றினோம். மாற்றிய பிறகும் நோய் அடங்கியே இருக்கிறதா என்று ஆறு மாதம் பார்த்து, அதன் பிறகே கருத்தரிக்கலாம் என்று சொல்லியிருக்கிறோம். கரு உறுதியானதும் புரதக் கசிவுக்கான எனலாப்ரில் நிற்கும், ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் தொடரும்.

அவருடைய தந்தையிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: பயாப்ஸி அறிக்கையின் அசலையும், அதன் மேல் எழுதியிருக்கும், ஆய்வகத்தில் மெழுகில் பதித்து வைத்த சதையின் எண்ணையும் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். கர்ப்ப காலத்தில் புரதம் மறுபடி ஏறினால், அது லூபஸா அல்லது கர்ப்பத்தால் வரும் ரத்த அழுத்த நோயா என்று பிரித்தறிவது மிகக் கடினம். அப்போது அவரைப் பார்க்கும் மருத்துவர் யாராக இருந்தாலும், 18-இல் 11 என்றும் தீவிரம் 9 என்றும் எழுதிய அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குவார்.